விசிலுக்கு முன் ஒரு வஞ்சிப்பா

கேலரிக்கு எழுதிக் கொடுப்பவனிடம் மூன்று விதமான வேலை வரும். ஒன்று கோஷம். நான்கே சொல், கைதட்டலுக்குப் பொருந்த வேண்டும். இரண்டாவது பேனர் வரி. எதிர்ப்பக்கக் கேலரியிலிருந்து படிக்கிற அளவுக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும். மூன்றாவது எப்போதாவதுதான் வரும்: கவிதை. சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்காக முதல் இரண்டையும் பல சீசன்களாக எழுதி வருகிறேன். பிழைப்புக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். கோஷத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. டிக்கெட் தருவார்கள், டீ வாங்கித் தருவார்கள்.

மூன்றாவது வேலை வந்தது ஒரு மழைக்கால சீசனில். கேட்டருகே வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்கு ஒரு தாள் அச்சடிக்கப் போகிறோம், அதில் ஒரு கவிதை வேண்டும் என்று எங்கள் கேலரிப் பையன்கள் கேட்டார்கள். கேட்டவன் வியாசர்பாடிக்காரன், எங்கள் ட்ரம்மர். "மேட்ச் பத்தி வேணாம்ணா. மேட்ச்சுக்கு முன்னாடி இருக்குதே, அத்த எழுதுங்க. உள்ள வர்றப்ப ஒரு மாதிரி இருக்கும்ல, அது."

அந்த 'ஒரு மாதிரி'யை எழுதுவது லேசில்லை. ஆட்டத்தைப் பற்றி எழுத வந்தால் கைக்கு ஆயிரம் இருக்கிறது. 2015 டிசம்பரில் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று கோப்பையைத் தூக்கியது இருக்கிறது. 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே போய் பெங்களூரை அதே 3-2 கணக்கில் வென்றது இருக்கிறது. ஆனால் விசில் ஊதுவதற்கு முந்தின ஒன்றரை மணி நேரத்தில் எதுவுமே நடப்பதில்லை. ஆட்கள் வருகிறார்கள், அவ்வளவுதான். நடக்காத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும்.

இந்த மாதிரிக் கவிதை எங்கே கெடும் என்பது கோஷம் எழுதிய பழக்கத்தில் எனக்கு ஓரளவு தெரியும். முதலாவது, ஆட்டக்காரர் பெயர். 2014-ல் அணி தொடங்கியபோது பிரேசிலின் எலானோவையும் இத்தாலியின் மாத்தராட்சியையும் வைத்து எத்தனை கோஷம் கட்டினோம்! பெயர் வைத்த பாட்டுக்கு ஆயுள் அந்த ஒப்பந்தம் முடியும் வரைதான். அவர் விமானம் ஏறியதும் பாட்டும் ஏறிவிடும். இரண்டாவது, போர். தமிழில் கூட்டத்தையும் களத்தையும் எழுத உட்கார்ந்தாலே பேனா பரணிக்குப் போய்விடுகிறது. யானை, வாள், எதிரியின் குடல். அது ஆட்டம் முடிந்து ஜெயித்த பிறகு வீராப்புக்கு ஆகலாம். கேட்டில் டிக்கெட்டைத் தேடி பேன்ட் பாக்கெட்டைத் துழாவுகிறவனுக்குப் பொருந்தாது. மூன்றாவதுதான் மோசமானது: கடல். எங்கள் அணிக்குச் செல்லப்பெயரே மெரினா மச்சான்ஸ். மெரினா என்று வந்துவிட்டால் நீல ஜெர்சி போட்ட கூட்டத்தைக் கடல் என்று எழுதாத கவிஞன் இல்லை. அலை, ஆர்ப்பரிப்பு, சுனாமி வரைக்கும் போவார்கள். கடல் என்று எழுதிய மறுநொடி அதில் இருந்த ஆட்கள் காணாமல் போகிறார்கள். வருகிறவர்கள் தனித்தனியாக வருகிறார்கள். ஒன்றாவது உள்ளே போன பிறகுதான். கவிதையிலும் அந்த வரிசைதான் இருக்க வேண்டும்.

ஆகவே எழுதுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். ஏழரை மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே பெரியமேட்டில் இருந்தேன். நேரு ஸ்டேடியத்தின் அக்கம்பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புறம் சென்ட்ரல், மூர் மார்க்கெட் வளாகத்தின் புறநகர் ரயில்கள், ரிப்பன் மாளிகை. மறுபுறம் பெரியமேட்டின் தோல் மண்டிகளும் விளையாட்டுச் சாமான் கடைகளும். வியாசர்பாடி ஜீவாவில் ஏறினால் நடுவில் பேசின் பிரிட்ஜ், அடுத்து மூர் மார்க்கெட். வடசென்னைப் பையன்களுக்கு இதுதான் வழி. தனபால் கணேஷ் போன்றவர்களைத் தந்த பேட்டை அது. அங்கிருந்து வருகிற பையன்களுக்குக் கால்பந்து டி.வி.யில் வந்து சேர்ந்த சங்கதி இல்லை, தெருவிலேயே இருந்தது. தாம்பரம் பக்கத்து ஆட்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்கி சாலையைக் கடந்து வருகிறார்கள். ராஜா முத்தையா சாலையில் ஜெர்சியையும் தலைப்பட்டையையும் பிளாட்பாரத்தில் விரித்திருப்பார்கள். கன்னத்தில் நீலம் பூசிவிட ஒருவர் டப்பாவோடு நிற்பார். குழந்தைக்குப் பூசிவிட்டு அப்பாவையும் ஒரு பார்வை பார்ப்பார்.

நான் அதிக நேரம் நின்றது கேட்டில். சோதனை போடுகிற இடத்தில் கூட்டம் தேங்கும். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், தீப்பெட்டி, சில்லறைக் காசு எதுவும் உள்ளே போகக்கூடாது. களத்தில் வீசிவிடுவார்கள் என்பதுதான் காரணம். ஓர் அட்டைப் பெட்டியில் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் குவிந்துகொண்டே இருக்கும். சிலர் திரும்பி ஓடிப்போய் டீக்கடையில் காசைக் கொடுத்து நோட்டாக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலோர் ஒரு முறை பெட்டியைப் பார்த்து, ஒரு முறை கேட்டைப் பார்த்து, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு வேண்டியது அதில் கிடைத்தது. உண்டியல் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போவது போல என்று எழுதத் தோன்றும். எழுதவில்லை. பெட்டியும் காசும் போதும், உவமை வாசகன் பாடு.

பார்த்ததை எழுத உட்கார்ந்தபோது யாப்புப் பிரச்சினை வந்தது. தாளில் படிப்பதோடு, கேலரியில் ஒருவன் மைக் பிடித்துச் சொல்லவும் வேண்டும் என்று பையன்கள் கேட்டிருந்தார்கள். அப்படியென்றால் ஸ்டேடியத்தின் ஒலியைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். நேரு ஸ்டேடியம் சுமார் 40,000 பேர் அமரக்கூடியது. களத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் ஓடுகிறது. அதனால் கேலரி களத்தை விட்டு விலகியே இருக்கும், கேலரியின் வளைவும் நீளம். ஒலி ஒரு விநாடியில் போவது ஏறக்குறைய 340 மீட்டர். நூறு மீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்கு ட்ரம் அடி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி தாமதமாகத்தான் சேரும். காதில் விழுந்ததும் அவன் வாயைத் திறக்கிறான். அவன் குரல் திரும்பி ட்ரம்மருக்கு வந்துசேர இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. நீளமான வரியை வேகமாகச் சொன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு சீர் வித்தியாசம் வந்துவிடும். கேட்பவனுக்குச் சொல் தெரியாது, இரைச்சல்தான் தெரியும். நம் கூட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எந்தக் கைதட்டலையும் போகப்போக வேகமாக்கிவிடும். தொடங்கிய நடை வேறு, முடிக்கிற நடை வேறு. ஆகவே வரி குட்டையாக இருக்க வேண்டும், வரிக்கு வரி மூச்சு விட இடம் வேண்டும். பின்னால் வருகிறவன் அந்த இடைவெளியில் வந்து சேர்ந்துகொள்வான்.

முதலில் ஆசிரியப்பாவில் வைத்துப் பார்த்தேன். நாற்சீர் அடியில் செய்தி நன்றாக ஓடும், ஆனால் நிருபர் எழுதிய மாதிரி ஆகிவிடும். காவடிச்சிந்து மெட்டு நாக்கில் தானாக வரும். ஆனால் அதில் ஆட்டம் முதல் அடியிலேயே தொடங்கிவிடுகிறது. எனக்கு வேண்டியது ஆட்டம் தொடங்காத நிலை. அப்போது பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தை 301 அடிகளில் பாடினார். அதில் பெரும்பகுதி வஞ்சியடி, அதாவது அடிக்கு இரண்டே சீர். துறைமுகம், சரக்கு மூட்டை, கொடிகள், மீன் பிடிக்கப் போகாத நாளில் மணலில் கூடி விளையாடும் பரதவர், கையாலும் கருவியாலும் ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்க்கும் களரி, எல்லாம் இரண்டு இரண்டு சீராக வந்துகொண்டே இருக்கும். ஊரே ஒன்றன்பின் ஒன்றாக வாசல் வழியே நுழைகிற மாதிரி. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலும் இந்த நடை உண்டு. கூட்டம் வந்து சேர்வதை எழுத நம் மொழியில் ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு மூடிவைத்துவிட்டோம்.

வஞ்சிப்பாவில் எனக்கு வசதியாக இன்னொன்றும் இருந்தது. இருசீர் அடிகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், மூன்றுக்குக் குறையக்கூடாது. அவை முடிந்ததும் தனிச்சொல் என்று ஒரே ஒரு சீர் தனியாக நிற்கும். அதற்குப் பிறகு சுரிதகம் என்று ஆசிரிய நடையில் நாற்சீர் அடிகள் வந்து பாட்டை முடித்து வைக்கும். ஓட்டமாக வந்து, ஒரு சொல்லில் நின்று, பிறகு அகலமாக மூச்சு விடுவது. படிக்கட்டு ஏறி ஸ்டேடியத்துக்குள் நுழைகிறவனுக்கு நடப்பதும் அதுதான். இருட்டான படி, முன்னால் போகிறவனின் முதுகு, சத்தம் மட்டும் மேலேயிருந்து வரும். கடைசிப் படியில் தலை வெளியே வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் மொத்தப் புல்தரையும் ஒரே சமயத்தில் கண்ணில் படும்.

தளையை விளக்கிக் களைப்படைய வைக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வஞ்சிக்கு உரிய சீர் மூன்று அசை கொண்டது, மூன்றாவது அசை நிரையாக முடிய வேண்டும். "மாலைச்சிறு மழைநின்றதும்" என்ற அடியை மா/லைச்/சிறு, மழை/நின்/றதும் என்று பிரித்துத் தொடையில் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சீரும் கடைசியில் இரட்டை எழுத்தில் விழுந்து அடுத்ததைத் தள்ளும். நின்று நிதானிக்கவும் விடாது, ஓடவும் விடாது. வரிசையில் நிற்கிறவனின் நடை அது.

வந்து நின்ற பாட்டு இது:

மாலைச்சிறு மழைநின்றதும்
சாலைப்புறம் நீலம்பட
மின்ரயில்வரப் படியிறங்குவார்
கைப்பிள்ளையைத் தோளேற்றுவார்
சில்லறைதர வாசல்விடும்
ஊர்கேட்கல பேர்கேட்கல
மச்சானெனக் கைகோத்ததும்
முரசொன்றெழ முழங்காலெழப்
படியேறவே படியேறவே
பசேலென
விளக்கின் கீழே விரிந்தது புல்வெளி;
நாங்கள் வந்தோம் என்பதைத் தவிர
இன்னும் ஒன்றும் நடக்கவே
இல்லை, அதற்குள் தொண்டைகட் டியதே.

இதில் ஆறாவது அடி முதலில் "ஊர்கேட்கிலர் பேர்கேட்கிலர்" என்று இருந்தது. இலக்கணச் சுத்தம். ட்ரம்மரிடம் படித்துக் காட்டியபோது அங்கே வந்து நின்றான். "கேட்கிலர்னா இன்னாணா?"

"கேட்கமாட்டாங்கன்னு அர்த்தம்."

"அப்ப கேக்கலன்னே போடலாமே."

போடலாமா என்று அசை பிரித்தேன். ஊர்/கேட்/கிலர் என்பது நேர், நேர், நிரை. ஊர்/கேட்/கல என்பதும் நேர், நேர், நிரை. அட்சரம் பிசகாமல் அதே வாய்பாடு, தேமாங்கனி. பேச்சுத் தமிழ் யாப்பில் நிற்காது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்ததை நாம் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஒரு அடி கூட்டத்தின் வாய்மொழியாகவே இருக்கட்டும் என்று மாற்றினேன். மற்ற அடிகள் கூட்டத்தைப் பார்க்கின்றன, அது கூட்டம் பேசுவது. அடுத்த அடியில் மச்சான் வருவதற்கும் அது நல்ல முன்வாசல். சென்னையில் முன்பின் தெரியாதவனை மச்சான் என்று கூப்பிட வேறு இடங்களில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கேலரியில் வேண்டாம்.

முரசுக்கும் ஒரு தகராறு இருந்தது. நாங்கள் அடிப்பது ட்ரம், முரசு இல்லை. ஆனால் ட்ரம் என்று அந்த அடியைத் தொடங்கினால் முழங்காலோடு மோனை போய்விடும். எனக்கு முழங்கால் முக்கியம். கேலரியில் குதிக்கிறவர்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கையும் கொடியும் கண்ணில் படுவதில்லை. வரிசை வரிசையாக முழங்கால்கள் மேலே வருவதுதான் தெரியும். ட்ரம் அடி விழுந்ததும் முதலில் அசைவது அதுதான். முரசு என்ற சொல்லுக்கு ட்ரம்மர் ஒன்றும் சொல்லவில்லை. பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

அதிகம் யோசித்தது தனிச்சொல்லுக்கு. விசில் என்று வைக்கச் சொன்னார்கள். வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பாட்டு அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். அணியின் பெயரை வைக்கச் சொன்னார்கள். அது கோஷம் ஆகிவிடும், பிறகு சுரிதகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். நீலம் என்று வைத்தால் இரண்டாவது அடியிலேயே வந்துவிட்டது. அந்த இடத்தில் கண் எதைப் பார்க்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டால் விடை பச்சை. வெளியே எல்லாம் நீலம், உள்ளே பச்சை. "பசேலென" என்பது முழுமை பெறாத சொல், அடுத்து ஒன்று வந்தே ஆக வேண்டும். தனியாக நிற்கும்போது அந்தரத்தில் நிற்கிறது. சுரிதகம் வந்து அதைத் தாங்குகிறது.

சுரிதகத்தில் கடைசிக்கு முந்தின அடி மூன்று சீராகக் குறைவது நேரிசை ஆசிரியத்தின் வழக்கம். "இன்னும் ஒன்றும் நடக்கவே" என்று அங்கே அடி குட்டையாக முடிந்து, "இல்லை" அடுத்த அடிக்குப் போகிறது. அந்தக் குறையை யோசித்து வைக்கவில்லை, வடிவம் கேட்டது, கொடுத்தேன். ஆனால் சொல்லிப் பார்க்கும்போது அந்த ஒரு சீர் இல்லாத இடத்தில்தான் கேட்பவன் காத்திருக்கிறான்.

நாங்கள் வந்தோம் என்பதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை என்ற வரியைப் பற்றிக் கேலரியில் மூத்தவர் ஒருவருக்கு வருத்தம். நம்மை ஏன் குறைத்துச் சொல்கிறாய் என்றார். நான் நினைத்தது நேர் எதிர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியபோது கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். காகிதத்தில் அது எங்கள் சொந்த மைதான ஆட்டம். 3-0 என்று ஜெயித்தோம். வீட்டில் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்தவர்கள், கரன்ட் வந்த வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் 2020-21, 2021-22 என்று இரண்டு சீசன் மொத்தமாகக் கோவாவுக்குப் போயிற்று. ஆள் இல்லாத கேலரிக்கு முன்னால் ஆட்டம் நடந்தது. டி.வி.யில் பயிற்சியாளர் கத்துவதும் பந்து கம்பத்தில் படுவதும் துல்லியமாகக் கேட்டது. விசிலிலிருந்து விசில் வரை ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வராமல் போனது அதற்கு முந்தின ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு ஸ்கோர் கார்டில் இடம் இல்லை. இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். "அப்ப அத்த எழுதிருக்கலாமே" என்றார். எழுதினால் பாட்டு வெள்ளத்தைப் பற்றியதாகிவிடும் ஐயா என்றேன். பாதி சமாதானம் ஆனார்.

இந்தப் பாட்டுக்கு எல்லையும் உண்டு. கேலரி பாதி காலியாக இருக்கும் வேலைநாள் ஆட்டங்களில் சொன்னால் எடுபடுவதில்லை. ஆள் குறைந்தால் ஒலி கூரையில் மோதி வெறும் சிமென்ட் படிகளில் திரும்பித் திரும்பி அடிக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவில் நான் விட்டுவைத்த மூச்சு இடத்தை எதிரொலி வந்து நிரப்பிவிடும். நெருங்கி நிற்கும் உடம்புகள்தான் அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாளில் நாங்கள் இதை எடுப்பதே இல்லை, நாலு சொல் கோஷத்தோடு சரி. கடைசி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து கேட்டில் நெரிசல் ஆகும் நாளிலும் ஆகாது. எரிச்சலோடு உள்ளே வருகிறவனிடம் "வாசல்விடும்" என்றால் முறைப்பான்.

தாள் அச்சுக்குப் போகும் முன் புலவர் ஐயா ஒருவரிடம் காட்டினேன். என் அச்சகத்துக்கு இலக்கணப் பதிப்புகள் கொண்டுவருபவர். கால்பந்தில் எத்தனை பேர் என்று தெரியாது. பென்சிலால் அசை பிரித்து, தலை ஆட்டிக்கொண்டே வந்து, கடைசி அடியில் நிறுத்தினார். "தொண்டைகட் டியதே. வகையுளி. சொல்லை நடுவில் அறுத்துச் சீர் பண்ணியிருக்கிறீர். பழைய பாட்டில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கண்ணை உறுத்துகிறது." எதுகை முதல் இரண்டு அடியோடு காணாமல் போய்விட்டதே என்றும் கேட்டார். மின்ரயிலுக்கு எதுகை தேடினால் ஏதாவது பொன், மன் என்று வந்து உட்காரும், அதற்கு ரயில் மட்டும் போதும் ஐயா என்றேன். அதை விட்டுவிட்டார். வகையுளியை விடவில்லை. "தொண்டைகட்டியதே" என்று சேர்த்து எழுதினால் அடி மூன்று சீராகிவிடும், எழுதாவிட்டால் உறுத்தும்.

ஒத்திகையில் அது தீர்ந்துபோயிற்று. ட்ரம்மர் ஒவ்வொரு வஞ்சியடி முடிவிலும் ஓர் அடி வைத்தான், சீருக்கு ஓர் அடி வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான். மைக் பிடித்தவன் ஓர் அடி சொல்ல, ட்ரம் விழ, கூட்டம் அதே அடியைத் திருப்பிச் சொல்லும். "படியேறவே" மட்டும் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. முதல் சீரை இடது பக்கம், இரண்டாவதை வலது பக்கம். "பசேலென" வரும்போது ட்ரம் கிடையாது. குச்சி மேலேயே நிற்கும். எவ்வளவு நேரம் நிறுத்தணும் என்று கேட்டான். சொல்லிக்கொடுக்க என்னிடம் கணக்கு இல்லை. பின்வரிசையில் கடைசிக் குரல் ஓயும் வரை என்றேன். சுரிதகத்தை ஒருவனே சொல்வான். கடைசி இரண்டு சீரில் மட்டும் மொத்தக் கேலரியும் சேர்ந்துகொள்ளும். கூட்டத்துக்கு வகையுளியும் தெரியாது, சீரும் தெரியாது. "தொண்டை கட்டியதே" என்று ஒரே மூச்சில், கடைசி ஏகாரத்தை இழுத்து, ஏற்கெனவே கட்டிய தொண்டையோடு சொன்னார்கள்.

புலவர் ஐயாவுக்கு அதைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். "வாயில் சரியாக இருக்கிறது" என்றார். பிறகு மேசை மேலிருந்த தாளைக் காட்டி, "இதில் தப்புத்தான்" என்றார்.